போன் திரையை லேப்டாப்பில் பதிவு செய்கிறீர்களா? ஜன்னலைப் பதிவு செய்யாதீர்கள்

ஆப் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். போன் திரையை லேப்டாப்பில் ஒரு ஜன்னலாகத் திறப்பார்கள், அப்புறம் அந்த ஜன்னலை வேறொரு திரைப் பதிவு மென்பொருளால் பிடிப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் வீடியோ மங்கலாகவும் திக்கித் திக்கியும் இருக்கும். நானும் முதல் சில பாடங்களை இப்படி எடுத்துவிட்டு, போன் பழசாகிவிட்டது என்றே நினைத்தேன். காரணம் போன் இல்லை.

ஒரு கணக்கு பாருங்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் திரை 1080×2400 புள்ளிகள். லேப்டாப் திரையின் உயரம் 1080 என்றால், தலைப்புப் பட்டை, கீழ்ப் பட்டை போக ஜன்னலுக்குச் சுமார் 1000 கிடைக்கும். அந்த உயரத்துக்கு அகலம் வெறும் 450தான். பதிவாவது இந்தச் சுருங்கிய படம். எடிட்டிங்கில் ஒரு சின்ன பட்டனைப் பெரிதாக்கிக் காட்டலாம் என்று போனால் எழுத்தெல்லாம் கரைந்து நிற்கும். போதாததற்கு, கேபிளிலோ வைஃபையிலோ படம் வந்து சேர்வதில் ஏற்படும் ஒவ்வொரு தாமதமும் அப்படியே வீடியோவில் ஏறிவிடும்.

இதற்குப் பதிலாக, போன் அனுப்பும் படத்தையே நேராகக் கோப்பில் சேமிக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு scrcpy என்ற இலவசக் கருவி இதைச் செய்யும். போனின் டெவலப்பர் அமைப்புகளில் USB debugging-ஐ இயக்கி, கேபிளைச் செருகி, லேப்டாப்பின் டெர்மினலில் இதைக் கொடுங்கள்:

```
scrcpy --record=paadam.mp4 --audio-codec=aac --show-touches --stay-awake
```

ஒவ்வொரு காட்சியின், அதாவது ஒவ்வொரு ஃபிரேமின் நேரமும் போனிலேயே குறிக்கப்படுவதால், வழியில் தாமதமானாலும் கோப்பில் அசைவு சீராகவே இருக்கும். ஜன்னலை எவ்வளவு சிறிதாக்கினாலும் பதிவின் அளவு மாறாது. ஆப் எழுப்பும் ஒலியும் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு QuickTime Player போதும். கேபிளை இணைத்து, New Movie Recording-இல் ஐபோனின் கேமராவை அல்ல, ஐபோன் திரையைத் தேர்ந்தெடுத்தால் இதே நேரடிப் பதிவுதான்.

போன் தெரியவே இல்லை என்றால் முதலில் `adb devices` கொடுத்துப் பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தால், கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகையாக இருக்கலாம். வேறொன்றை மாற்றிப் பாருங்கள். unauthorized என்று வந்தால், போன் திரையில் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்த தவறு சிறியது, ஆனால் பாடத்தையே பாதிக்கும். மேலே கொடுத்த `--show-touches` விரல் படும் இடத்தில் ஒரு வட்டத்தைக் காட்டும். போனை விரலால் தொட்டால் மட்டுமே அந்த வட்டம் வரும். லேப்டாப் மவுஸால் ஜன்னலில் கிளிக் செய்தால் ஆப் இயங்கும், வட்டம் வராது. பார்ப்பவருக்கு எங்கே தொட்டீர்கள் என்றே தெரியாமல் திரை மாறிக்கொண்டிருக்கும். பாடத்துக்கு விரல்தான் சரி.

குரலைத் தனி மைக்கில் பதிவு செய்து பின்னால் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திரையில் ஏதாவது மாறினால்தான் ஆண்ட்ராய்டு புதிய காட்சியை அனுப்பும். நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போது திரை அசையாமல் நின்றால், அந்த நேரத்தில் காட்சிகள் மிகக் குறைவு. அதாவது நொடிக்கு இத்தனை காட்சிகள் என்ற எண்ணிக்கை நிலையாக இருக்காது. சில எடிட்டிங் மென்பொருள்கள் இதைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. தொடக்கத்தில் குரலும் படமும் பொருந்தியிருக்கும், ஐந்தாறு நிமிடத்துக்குள் தொடுதல் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று விலகிவிடும். ஒலியை வெட்டி வெட்டி நகர்த்துவது வீண் பாடு. எடிட்டிங்குக்கு முன்பே ffmpeg என்ற இலவசக் கருவியால் எண்ணிக்கையை நிலைப்படுத்திவிடுங்கள்:

```
ffmpeg -i paadam.mp4 -r 30 -c:v libx264 -crf 18 -c:a copy paadam30.mp4
```

வயர் இல்லாமல் எடுப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். போனைக் கையில் பிடித்து நடந்து காட்ட வேண்டிய ஆப்களுக்கு அதுதான் வழி. ஆனால் லேப்டாப்பும் போனும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருப்பது நல்லது, நெரிசலான 2.4-இல் படம் அடிக்கடி உடையும். கேபிள் போட முடிகிற இடத்தில் கேபிளே போடுங்கள். `--stay-awake` கூட போன் சார்ஜில் இருந்தால்தான் வேலை செய்யும்.

வங்கி ஆப்களைத் திறந்ததும் பதிவு கறுப்பாகிவிட்டால் கேபிளையோ கருவியையோ சந்தேகிக்காதீர்கள். திரையைப் பிடிக்க விடாதபடி அந்த ஆப்பே தடுத்திருக்கிறது. அந்தப் பகுதியை வாயால் விளக்கிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். உங்களுக்கு வரும் ஓடிபி, குறுஞ்செய்தி எதற்கும் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. மேலிருந்து இறங்கும் அறிவிப்பு அப்படியே பதிவாகலாம். அதனால் பதிவுக்கு முன் அறிவிப்புகளை நிறுத்துங்கள், முடிந்தால் சொந்தக் கணக்கு இல்லாத ஒரு போனிலேயே பாடம் எடுங்கள்.