ஆறாம் சுற்றில் திரும்பி வந்த 45 நாள்

மண்டபம் பகுதி மீனவர்களுக்காக நான் தொகுத்த கையேட்டில், விசைப்படகுகளுக்கான தடைக்காலம் 45 நாள் என்றிருந்த பழைய வரியை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று மூன்றாம் திருத்தச் சுற்றிலேயே அனைவரும் ஒப்புக்கொண்டு திருத்தியிருந்தோம். ஆறாம் சுற்றில் அது மறுபடியும் 45 ஆகியிருந்தது. வாட்ஸ்அப்பில் கிடந்த இரண்டாம் சுற்றுக் கோப்பை எடுத்து ஒருவர் திருத்தியதே காரணம்.

அதன்பின் மூலப்பிரதியை என்னிடம் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பிடிஎஃப் அனுப்பி, திருத்தங்களைக் குறிப்புகளாகவே வாங்கினேன். ஒப்புக்கொண்ட மாற்றங்களைப் பழைய சொல், புதிய சொல், காரணம் என ஒரு நோட்டில் எழுதினேன். காரணம் எழுதாத திருத்தம் அடுத்த சுற்றிலேயே மறுபடி விவாதத்துக்கு வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வேர்டின் Compare வசதியில் முந்தைய பிரதியோடு ஒப்பிட்டு, நோட்டிலுள்ள பழைய சொற்களையும் தேடுவேன். பின்னட்டைப் படத்துக்குள் பதிந்திருந்த ஒரு 45 மட்டும் தேடலில் சிக்காமல், அச்சுப்படியைக் கண்ணால் பார்த்தபோதுதான் அகப்பட்டது.