ஷார்ட்ஸ் முடிவை முதல் வரியோடு இணைப்பது எப்படி?

ஷார்ட்ஸும் ரீல்ஸும் முடிந்ததும் தானாகவே மறுபடி ஓடும். கடைசி வரி பாதியில் நின்று, முதல் வரி அதை முடித்துவைத்தால், எங்கே திரும்பியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

முதலில் எழுத வேண்டியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். தோசைக்கல்லைப் பழக்குவது பற்றி அரை நிமிட வீடியோ என்று வைத்துக்கொள்வோம்:

"இவ்வளவும் பண்ணிட்டு, கல்லை சோப்பு போட்டுத் தேய்ச்சீங்கன்னா, முதல் தோசை கல்லோட ஒட்டிக்கும்."

"முதல் தோசை கல்லோட ஒட்டிக்கும்" என்பது தொடக்கம், மீதி முடிவு. தொடக்கம் தனியாகவும் நிற்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர் அதைத்தான் முதலில் கேட்கிறார். "அப்போ", "அதனால" என்று ஆரம்பித்தால் அவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. "ஏன்னா..." என்று முடிக்கும் பழக்கத்தை விடுங்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் வரப்போவதை ஊகித்து நகர்ந்துவிடுவார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் "-ன்னா", "-லேன்னா" என்று நிறுத்துவதே இயல்பாக இருக்கும்.

பெரும்பாலான லூப் உடைவது குரல் பதிவில். இரண்டு துண்டையும் தனித்தனியாகப் பேசினால், "தேய்ச்சீங்கன்னா" என்ற இடத்தில் குரல் இறங்கி முற்றுப்புள்ளி வைத்துவிடும். முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் பேசிப் பதிவு செய்து, "-ன்னா"வுக்குப் பிறகு வெட்டி, பின்பாதியை வீடியோவின் தலையிலும் முன்பாதியை வாலிலும் போடுங்கள். சுருதியும் சத்த அளவும் மைக் தூரமும் தானாகப் பொருந்தும். வெட்டிய இடத்தில் நீண்ட மௌனம் வேண்டாம்; நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் மூன்று நான்கு ஃபிரேம் போதும். சில போன்களில் வீடியோ திரும்பும்போதே சின்ன இடைவெளி விழும், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

படத்துக்கும் இதே வேலைதான். கல்லில் மாவு ஊற்றும் ஒரே ஷாட்டை நடுவில் வெட்டி, பின்பாதியைத் தொடக்கத்திலும் முன்பாதியை முடிவிலும் வையுங்கள். கரண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே வெட்டினால் ஒட்டு தெரியாது.

எடிட்டிங்குக்கு என் விருப்பம் டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பே போதும், ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்து வெட்டலாம். போன் ஆப் என்றால், ஏற்றுமதியின்போது கடைசியில் லோகோ துண்டு ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். அது ஒன்றே லூப்பைக் கெடுத்துவிடும்.

சோதிக்க, முழு டைம்லைனையும் நகலெடுத்து அடுத்தடுத்து வைத்து, நடு ஒட்டைக் கண்ணை மூடிக் கேளுங்கள். பிறகு நகலை நீக்கிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

பின்சேர்க்கை: குரல் சரி, இசை மட்டும் துள்ளுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஃபேட் அவுட்டை எடுத்துவிட்டு, இசையை முழுத் தாளச் சுற்றில் வெட்டுங்கள். நிமிடத்துக்கு 90 அடி, சுற்றுக்கு 4 அடி என்றால் 12 சுற்று சரியாக 32 நொடி. வீடியோவையும் அந்த நீளத்துக்கே கொண்டுவாருங்கள்.