ஒரு கடன் விற்பனை எந்தெந்த ஏடுகளில் ஏறுகிறது?

கணக்கு எழுதப் பழகிய முதல் மாதத்தில் நான் ஒரு பில்லை இரண்டு இடத்தில் எழுதிவிட்டேன். விற்பனை ஏட்டிலும் எழுதினேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாதே என்று, எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதும் குறிப்பேட்டிலும் எழுதினேன். மாத முடிவில், எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு அழகாகச் சமன் ஆனது. வாடிக்கையாளர் போன் செய்து, "வாங்கினது ஒரு தடவை, ரெண்டு தடவை கேட்கிறீங்களே?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அந்தக் குழப்பம் வராமல் இருக்க, ஒரே ஒரு கடன் விற்பனையை எடுத்துக்கொண்டு அது போகிற வழியெல்லாம் பின்னாலேயே போவோம். நம் தொழில் நாற்காலி விற்பது. மே 6 அன்று 'க' என்ற வாடிக்கையாளருக்கு 40 நாற்காலிகளைக் கடனுக்கு விற்கிறோம். பட்டியல் விலை ஒன்றுக்கு 500. மொத்தமாக வாங்குவதால் 10% வியாபாரத் தள்ளுபடி. ஆக 20,000-இல் 2,000 போக, பில் தொகை 18,000. பில் எண் 101. வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம். இருந்தால் ஏட்டில் அதற்கென ஒரு பத்தி கூடும், அவ்வளவுதான்.

படி 1: எது பற்று, எது வரவு?

புதிதாகப் படிக்கிறவர்களை 'வரவு' என்ற சொல் ஏமாற்றிவிடும். வீட்டு வரவு செலவில் வரவு என்றால் நம் கைக்கு வந்த பணம். இரட்டைப் பதிவில் அந்த அர்த்தத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். அதற்குப் பதில், கடையில் 'பற்று வைத்து' வாங்குவது என்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். க சரக்கை எடுத்துப் போயிருக்கிறார், பணம் தரவில்லை. அவர் பெயரில் பற்று எழுதுகிறோம். அவர் பணம் கட்டும்போது "உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டோம்" என்கிறோம். வாடிக்கையாளர் கணக்கைப் பொறுத்தவரை பேச்சுவழக்கும் கணக்கியலும் ஒன்றுதான்.

க-வின் கணக்கில் பற்று 18,000 என்றால், அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும். அது விற்பனைக் கணக்கு. அதில் வரவு 18,000.

படி 2: குறிப்பேட்டில் எழுதினால் எப்படி இருக்கும்?

துணை ஏடு எதுவுமே இல்லாத ஒரு சின்னத் தொழிலில் இந்தப் பதிவு இப்படி இருக்கும்:

| நாள் | விவரம் | பே.ப.எண் | பற்று | வரவு |
|---|---|---|---|---|
| மே 6 | க க/கு ப | 14 | 18,000 | |
| | விற்பனை க/கு | 3 | | 18,000 |
| | (பில் எண் 101-இன்படி கடனுக்குச் சரக்கு விற்றது) | | | |

இங்கே 20,000-மும் இல்லை, 2,000-மும் இல்லை. வியாபாரத் தள்ளுபடி பில்லோடு நின்றுவிடும், கணக்கு ஏடுகளுக்குள் வராது. விலை பேசி முடித்தது 18,000-க்குத்தான், விற்பனையும் அவ்வளவுதான்.

பே.ப.எண் என்பது பேரேட்டுப் பக்க எண். ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கும் ஏடுதான் பேரேடு. குறிப்பேட்டை எழுதும்போதே இதை நிரப்பாதீர்கள். பேரேட்டில் எடுத்தெழுதி முடித்த பிறகுதான் நிரப்ப வேண்டும். அப்போதுதான் அந்தப் பத்தி காலியாக இருந்தாலே "இது இன்னும் பேரேட்டுக்குப் போகவில்லை" என்று தெரியும். பாதியில் எழுந்து போய்விட்டு வந்தாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம்.

முதலில் நாள்வாரியாக ஒரு ஏடு, அதிலிருந்து கணக்குவாரியாக இன்னொரு ஏடு என்ற இந்த ஏற்பாடு பழையது. லூக்கா பசியோலி 1494-இல் வெனிஸ் வியாபாரிகளின் முறையை எழுதி அச்சிட்டபோதே குறிப்பேடும் பேரேடும் அதில் இருந்தன.

படி 3: குறிப்பேட்டுக்குப் பதில் விற்பனை ஏடு

மாதம் 300 கடன் விற்பனை நடந்தால் என்ன ஆகும்? குறிப்பேட்டில் 300 தடவை 'விற்பனை க/கு' என்று எழுத வேண்டும். பேரேட்டிலும் விற்பனைக் கணக்கில் 300 வரிகள் ஏறும். வாடிக்கையாளர் பெயர் மாறும், தொகை மாறும், வரவுப் பக்கம் மட்டும் மாறவே மாறாது. மாறாத அந்தப் பாதியை ஒவ்வொரு முறையும் எழுதாமல், மாதக் கடைசியில் மொத்தமாக ஒரே தடவை எழுதிக்கொள்ளலாம் என்பதற்காக வந்ததுதான் விற்பனை ஏடு. குறிப்பேட்டிலிருந்து ஒரே மாதிரியான பதிவுகளைத் தனியே பிரித்து எடுத்த ஒரு துண்டு என்று அதை நினைத்துக்கொள்ளலாம்.

அதனால் க-வின் பில் இங்கே எழுதப்பட்டால் குறிப்பேட்டில் எழுதப்படாது. இரண்டில் ஒன்றுதான். நான் முதலில் சொன்ன தப்பு இதுதான்.

மே மாத விற்பனை ஏடு:

| நாள் | வாடிக்கையாளர் | பில் எண் | பே.ப.எண் | தொகை |
|---|---|---|---|---|
| மே 6 | க | 101 | 14 | 18,000 |
| மே 15 | ச | 102 | 15 | 9,500 |
| மே 27 | த | 103 | 16 | 12,500 |
| மே 31 | விற்பனைக் கணக்கில் வரவு | | 3 | 40,000 |

பற்று, வரவு என்ற பத்திகளே இதில் இல்லை, கவனித்தீர்களா? இது கணக்கு இல்லை, வெறும் பட்டியல்.

இந்தப் பட்டியலில் ஏற இரண்டு தகுதி வேண்டும். விற்றது நாம் வியாபாரம் செய்யும் சரக்காக இருக்க வேண்டும், கடனுக்கு விற்றிருக்க வேண்டும். ரொக்கத்துக்கு விற்றால் அது ரொக்க ஏட்டுக்குப் போகும். நம் உதாரணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அலுவலகத்தில் நாம் உட்கார்ந்திருந்த பழைய நாற்காலியைக் கடனுக்கு விற்றாலும் அது விற்பனை ஏட்டில் வராது. நாற்காலிதான், ஆனால் சரக்கு அல்ல, நம் சொத்து. அறைகலன் கணக்கில் வரவு வைத்து, குறிப்பேட்டில்தான் எழுத வேண்டும். எந்தத் துணை ஏட்டிலும் சேராத இந்த மாதிரிப் பதிவுகளுக்காக மிச்சம் இருக்கும் குறிப்பேட்டை 'உரிய குறிப்பேடு' என்பார்கள்.

படி 4: பேரேட்டுக்கு எடுத்தெழுதுதல்

இது இரண்டு வேகத்தில் நடக்கும். இங்கேதான் பலருக்கும் தடுமாற்றம்.

வாடிக்கையாளர் கணக்கு அன்றன்றைக்கே ஏற வேண்டும். மே 6 அன்றே பேரேட்டின் 14-ஆம் பக்கத்தில், க-வின் கணக்கில், பற்றுப் பக்கம் 18,000 எழுதிவிடுகிறோம். நாளைக்கே அவர் வந்து "என் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

விற்பனைக் கணக்கோ அதுவரை சும்மா இருக்கும். மே 31 அன்று விற்பனை ஏட்டைக் கூட்டி, 40,000-ஐ 3-ஆம் பக்கத்தில் விற்பனைக் கணக்கின் வரவுப் பக்கம் ஒரே வரியில் எழுதுவோம். எதிரே 'பற்பல கடனாளிகள், விற்பனை ஏட்டின்படி' என்று விவரம். மூன்று பற்றுகளின் கூட்டுத்தொகை 40,000, ஒரே வரவு 40,000. இரட்டைப் பதிவு முழுமை பெறுவது அன்றுதான்.

அப்படியென்றால் மே 20 அன்று யாராவது இருப்பாய்வு போட்டுப் பார்த்தால்? சமன் ஆகாது. பற்றுகள் ஏறியிருக்கும், வரவு ஏறியிருக்காது. அது தப்பு அல்ல, வேலை பாதியில் நிற்கிறது. நடுவில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், விற்பனை ஏட்டை அதுவரை கூட்டி எடுத்தெழுதிவிட்டுப் பாருங்கள். மற்றத் துணை ஏடுகளையும் அப்படியே.

படி 5: சரக்கு திரும்புகிறது, பணம் வருகிறது

மே 11 அன்று க இரண்டு நாற்காலிகளை உடைந்திருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார். நாம் வரவுக் குறிப்பு ஒன்று அனுப்புகிறோம். எவ்வளவுக்கு? பட்டியல் விலைப்படி 1,000 என்று எழுதத்தான் கை போகும். ஆனால் விற்றது 10% குறைத்து, எனவே திரும்புவதும் 900-தான். இதை விற்பனைத் திருப்ப ஏட்டில் எழுதி, அன்றே க-வின் கணக்கில் வரவு வைக்கிறோம். மாத முடிவில் அந்த ஏட்டின் மொத்தம் விற்பனைத் திருப்பக் கணக்கில் பற்றாகும். விற்பனை ஏட்டில் போய் 18,000-ஐ அடித்து 17,100 என்று திருத்தக் கூடாது.

மே 24 அன்று க பணம் கட்டுகிறார். பாக்கி 17,100. சீக்கிரம் கட்டியதற்காக 2% ரொக்கத் தள்ளுபடி, அதாவது 342. கைக்கு வருவது 16,758. இது ரொக்க ஏட்டுக்குப் போகும். 342-ம் அதே வரியில் தள்ளுபடிப் பத்தியில் ஏறும். வியாபாரத் தள்ளுபடி போல இதை விட்டுவிட முடியாது. க-வின் மேல் ஏற்கெனவே பற்று எழுதிய தொகையில் ஒரு பகுதியைத்தான் விட்டுக்கொடுக்கிறோம், அதனால் அது ஒரு நட்டமாகப் பதிவாக வேண்டும்.

இப்போது க-வின் பக்கம்:

| பற்று | தொகை | வரவு | தொகை |
|---|---|---|---|
| மே 6 விற்பனை | 18,000 | மே 11 விற்பனைத் திருப்பம் | 900 |
| | | மே 24 ரொக்கம் | 16,758 |
| | | மே 24 அளித்த தள்ளுபடி | 342 |
| | 18,000 | | 18,000 |

பாக்கி எதுவும் இல்லை. இந்த நாலு வரிகளும் மூன்று வெவ்வேறு ஏடுகளிலிருந்து வந்தவை.

படி 6: தப்பு எங்கே தெரியும், எங்கே தெரியாது

விற்பனை ஏட்டின் கூட்டலில் தப்பு நடந்து 40,000-க்குப் பதில் 39,000 வந்தால், பாதிக்கப்படுவது விற்பனைக் கணக்கு மட்டும். கடனாளிகள் ஒவ்வொருவர் கணக்கும் சரியாகவே இருக்கும். இருப்பாய்வில் 1,000 வித்தியாசம் வரும், கண்டுபிடித்துவிடலாம்.

ச-வின் 9,500-ஐ அவர் கணக்கில் 5,900 என்று இலக்கம் மாற்றி எழுதிவிட்டால் வித்தியாசம் 3,600. இப்படிப் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். வகுபடுகிறதே என்பதற்காக அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஆனால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஆகவே வித்தியாசத்தை 2-ஆல் வகுத்து, அந்தத் தொகை எங்காவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத தப்புகள்தான் தொல்லை. பில் 102-ஐ விற்பனை ஏட்டிலேயே 9,000 என்று எழுதிவிட்டால் பற்றும் வரவும் சேர்ந்தே குறையும், சமன் ஆகிவிடும். பில்லையே எழுதாமல் விட்டாலும், என்னைப் போல இரண்டு தடவை எழுதினாலும், ச-வின் தொகையை த-வின் பக்கத்தில் ஏற்றினாலும் அப்படித்தான். பில் எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று விற்பனை ஏட்டில் விரல் வைத்துப் பார்த்தால் விடுபட்ட பில் தெரிந்துவிடும். ஒவ்வொரு தொகையையும் பில் நகலோடு ஒப்பிட்டால் 9,000-மும் மாட்டும். அந்த மாதத்துக்குப் பிறகு நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன். மாதக் கடைசியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவருடைய பேரேட்டுப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடுகிறேன். பாக்கி கூடியிருந்தால் அன்றைக்கே போன் வந்துவிடும். குறைந்திருந்தால் வராது, அதற்குப் பில் நகல்தான் வழி.