ஃபிளாஸ்க் விமர்சன வீடியோ எடுப்பது எப்படி? ஊட்டி அடுப்படியிலிருந்து ஒரு செய்முறை

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம் என்பதால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். என் முதல் ஃபிளாஸ்க் வீடியோவில் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஊற்றியபோது என்ன சூடு என்றே காட்டாமல், "12 மணி நேரம் கழித்து 52 டிகிரி" என்று மட்டும் சொன்னேன். கோவையில் இருக்கும் சித்தப்பா போன் போட்டு, "எனக்கு 58 வந்துச்சே, உன் ஃபிளாஸ்க் ஓட்டையா?" என்றார். அந்த வீடியோவை மறுபடி எடுத்த விதம்தான் இது. ஃபிளாஸ்க்கை அதைத் தயாரித்த நிறுவனமே இலவசமாக அனுப்பியிருந்தது.

1. பெட்டியைப் பிரிக்கும் முன் அளவுகோலை எழுதுங்கள்

பிரித்த பிறகு எழுதினால், பொருள் எதில் நன்றாக இருக்கிறதோ அதுவே அளவுகோலாகிவிடும். நான் மூன்றே எழுதினேன். 12 மணி நேரம் கழித்து 50 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். கவிழ்த்துப் படுக்க வைத்தால் ஒழுகக் கூடாது. பால் டீ ஊற்றிக் கழுவிய பின் வாஷரில் வாடை தங்கக் கூடாது. எழுதிய தாளைத் தேதியோடு ஒரு ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் வீட்டுப் பழைய ஃபிளாஸ்க்கையும் வையுங்கள். அதே அளவு தண்ணீர், அதே மேசை, அதே குளிர். ஊர் மாறினால் எண் மாறும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் பார்ப்பவருக்குப் பயன்படும்.

2. ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு குளோசப்

சூட்டுக்கான ஷாட்டை வெட்டாமல் எடுங்கள்: மூடியைத் திறப்பது, தெர்மாமீட்டரை விடுவது, எண் ஏறி நிற்பது, பின்னால் சுவர்க் கடிகாரம். நடுவில் ஒரு வெட்டு விழுந்தாலும் சந்தேகம் வரும். போனை மேலே பிடித்தால் ஆவி லென்ஸை மூடும், பக்கவாட்டில் பிடியுங்கள்.

மரையையும் வாஷரையும் காட்டும்போது ஆரம்பத்தில் எல்லோரும் போனை ஒட்டக் கொண்டுபோய் வைப்பார்கள். ஃபோகஸ் ஓடும், போனின் நிழலும் பொருள் மேல் விழும். ஓரடி தள்ளி நின்று 2x வைத்து, திரையில் வாஷர் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். ஸ்டீல் உடம்பில் உங்கள் முகமே தெரிகிறதா? ஜன்னலுக்கும் ஃபிளாஸ்க்குக்கும் நடுவில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் பளபளப்பு அடங்கும். மூடுபனி நாளில் அதுவும் வேண்டாம். ஆனால் படம் நீலம் பாயும், ஒயிட் பேலன்ஸைக் கையால் வையுங்கள். குளிரில் வெளியே இருந்த போனை அடுப்படிக்குள் கொண்டுவந்ததும் எடுக்காதீர்கள், லென்ஸில் பனி படியும். கால் மணி நேரம் விடுங்கள்.

வாடையைப் படம் பிடிக்க முடியாது. "எனக்கு அடித்தது" என்று வாயால் சொல்லி, கழற்றிய வாஷரின் கறையைக் காட்டினேன்.

3. கருத்துக்கு முன் விளம்பர அறிவிப்பு

நிறுவனத்தார், "அன்போட அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, போதும்" என்றார்கள். போதாது. பணம் வாங்காவிட்டாலும் இலவசப் பொருள் வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்பது ஆஸ்கி எனப்படும் விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 விதி. இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க அறிவிப்பு திரையில் இருக்க வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் 2023 வழிகாட்டி எழுத்திலும் குரலிலும், வீடியோவின் மொழியிலேயே சொல்லச் சொல்கிறது. டிஸ்கிரிப்ஷனுக்குள் போட்டால் யார் பார்க்கிறார்கள்?

நான் சொன்னது: "இந்த ஃபிளாஸ்க்கை கம்பெனியே இலவசமா அனுப்பிச்சாங்க. இது விளம்பரக் கூட்டு வீடியோ. ரிசல்ட்டை அவங்களுக்கு முன்கூட்டிக் காட்டல." மூலையில் "விளம்பரம்: இலவசப் பொருள்" என்று கடைசிவரை நின்றது. யூடியூபில் ஏற்றும்போது Paid promotion பெட்டியையும் டிக் செய்யுங்கள். அதனால் வரும் Includes paid promotion வரி தொடக்கத்தில் 10 விநாடிதான் தெரியும், உங்கள் அறிவிப்புக்கு அது ஈடாகாது.

4. கோர்ப்பது

ஐந்து நிமிட வீடியோ. முதல் 20 விநாடியில் அறிவிப்பும் அளவுகோல் தாளும். பிறகு சூட்டுச் சோதனை, ஊற்றியபோது 92 டிகிரி என்பதோடு. அதற்குத்தான் பாதி நேரம். ஒழுகல் சோதனை அரை நிமிடம், சொட்டுகூட விழவில்லை. பிறகு வாஷர். குறையைக் கடைசியில் ஒளிக்காமல் சோதித்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முடிவு ஷாட்டில் இரண்டு ஃபிளாஸ்க்கும் பக்கம் பக்கமாக: புதியது 52, ஏழு வருடப் பழசு 49. புதியதன் விலை பழசைப் போல இரண்டு மடங்கு. இரண்டையும் திரையில் எழுதினேன். வெந்நீருக்கு மட்டும் என்றால் வாங்கலாம், டீக்கு வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினேன்.