பிட் துணி எடுக்கும்போது முதலில் பன்னாவைப் பாருங்கள்

ஜவுளிக்கடையில் ரவிக்கைக்கு பிட் துணி எடுக்கும்போது, நீளத்தைக் கேட்கும் முன் பன்னாவை, அதாவது அகலத்தை, அளந்து பாருங்கள். 44 அங்குலப் பன்னாவில் 80 செ.மீ. துண்டும், 36 அங்குலப் பன்னாவில் 1 மீட்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு துணிதான். அதனால் அகலமான பிட்டில் 80 செ.மீ. கிடைத்தாலே சாதாரண அளவு ரவிக்கைக்குப் போதும்.

இரண்டு ஓரத்திலும் நெருக்கமாக நெய்த கரை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நூல் பிரிந்திருந்தால் பன்னாவிலேயே வெட்டி எடுத்திருக்கிறார்கள், முழு அகலம் இருக்காது.

ஒரே திசையில் போகும் பூ டிசைன், ஒரு பக்க பார்டர், நீளக் கை என்றால் இந்தக் கணக்கு உதவாது. கையைத் திருப்பிப் போட்டு வெட்ட முடியாது, துணி கூடவே வேண்டும். அப்புறம், சுருங்கும் பருத்தி என்றால் 10 செ.மீ. சேர்த்தே எடுங்கள்.