நூலகத் தாமதக் கட்டணம்: விடுமுறை நாட்களைக் கழித்து நாள் எண்ணுவது எப்படி?

எங்கள் குடியிருப்பின் படிப்பகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அரசு விடுமுறை நாட்களிலும் திறப்பதில்லை. நூலைத் தாமதமாகத் திருப்பினால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், ஆனால் படிப்பகம் மூடியிருந்த நாட்களுக்குக் கிடையாது என்பது விதி. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. பொங்கல் முடிந்து எல்லோரும் ஒரே வாரத்தில் நூல்களோடு வந்து நின்றபோது, ஒரே நூலுக்கு மூன்று பேர் மூன்று கணக்குச் சொன்னார்கள். அதன்பிறகு உருவாக்கிய விரிதாளைத்தான் இங்கே விளக்குகிறேன். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் மூன்றிலும் இது ஓடும். நான் கால்க் பயன்படுத்துகிறேன். இணைய வசதி இல்லாத மேசையில் அதுவே போதும்.

முதலில் கையால் எண்ணிப் பார்த்துவிடுவோம். சரியான விடை தெரியாமல் சூத்திரத்தைச் சோதிக்க முடியாது.

கெடு நாள் 2026 ஜனவரி 12, திங்கள். நூல் திரும்பியது ஜனவரி 28, புதன். கெடு நாளில் கொடுத்தால் தாமதமே இல்லை. எனவே எண்ணிக்கை 13ஆம் தேதியில் தொடங்குகிறது. நூல் திரும்பிய 28ஆம் தேதியும் தாமத நாள்தான். ஆக 13 முதல் 28 வரை 16 நாட்கள்.

இந்த இடைவெளியில் வெள்ளிக்கிழமைகள் இரண்டு: 16, 23. அரசு விடுமுறைகள் நான்கு: பொங்கல் 15, திருவள்ளுவர் நாள் 16, உழவர் திருநாள் 17, குடியரசு நாள் 26. இரண்டும் நான்கும் ஆறு, பதினாறில் ஆறு போனால் பத்து என்று சொல்லத் தோன்றும். ஆனால் திருவள்ளுவர் நாள் அந்த ஆண்டு வெள்ளிக்கிழமையில் வந்தது. ஒரே நாளை இரண்டு முறை கழித்துவிட்டோம். உண்மையில் மூடியிருந்த நாட்கள் 15, 16, 17, 23, 26 என ஐந்துதான். தாமதம் 11 நாள், அபராதம் 11 ரூபாய். வார விடுமுறையையும் பண்டிகை விடுமுறையையும் தனித்தனியாக எண்ணிக் கழிப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு நாளில்தான் சறுக்குவார்கள்.

இனி விரிதாள். A நெடுவரிசையில் நூலின் பெயர், B-யில் கெடு நாள், C-யில் திரும்பிய நாள், D-யில் தாமதம். சற்றுத் தள்ளி F நெடுவரிசையில், F2-விலிருந்து கீழே, அந்த ஆண்டின் விடுமுறைத் தேதிகள். வெள்ளிக்கிழமைகளை அங்கே எழுத வேண்டாம். அவற்றைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும். பண்டிகை வெள்ளியில் வந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். ஒரு நாள் இரண்டு காரணங்களுக்காக விடுமுறையானாலும் சூத்திரம் அதை ஒரு முறைதான் கழிக்கும்.

தேதிகளை 2026-01-12 என்ற வடிவில் தட்டச்சு செய்யுங்கள். 12/01/2026 என்று கொடுத்தால், அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினி அதை டிசம்பர் 1 என்று எடுத்துக்கொள்ளும். 28/01/2026 என்பதையோ தேதியாகவே ஏற்காது. நீங்களாக இடம் மாற்றாதபோது, கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் அது தேதி, இடப்பக்கம் ஒட்டி நின்றால் வெறும் எழுத்து.

D2-வில் இதை எழுதுங்கள்:

```
=NETWORKDAYS.INTL(B2+1,C2,"0000100",$F$2:$F$40)
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஏழு இலக்கங்களும் திங்கள் முதல் ஞாயிறு வரையான ஏழு நாட்கள். 0 என்றால் திறந்திருக்கும், 1 என்றால் மூடியிருக்கும். ஐந்தாவது இடம் வெள்ளி. ஞாயிறு விடுமுறை என்றால் "0000001", திங்கள் விடுமுறை என்றால் "1000000". இதற்குப் பதிலாக 16 (வெள்ளி), 11 (ஞாயிறு) போன்ற குறியீட்டு எண்களையும் கொடுக்கலாம். எனக்கு அவை பிடிக்காது. ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறந்தால் 16 என்பது என்ன என்று தேட வேண்டியிருக்கும். ஏழு இலக்கங்களைப் பார்த்தவுடனே புரியும்.

பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று வெறும் NETWORKDAYS பக்கம் போய்விடாதீர்கள். அது சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாகக் கொள்ளும் அலுவலகக் கணக்கு. நம் எடுத்துக்காட்டுக்கு அது 9 என்று சொல்லும். இணையத்தில் கிடைக்கும் ‘வேலை நாள் கணிப்பான்’ தளங்களும் பெரும்பாலும் இதே வகைதான். கால்க்கில் காற்புள்ளி போட்டுப் பிழை வந்தால், அதற்குப் பதிலாக அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள். மொழி அமைப்பைப் பொறுத்து அது மாறும்.

விடை 11 என்று வந்திருக்கும். இப்போது அந்த B2+1 பற்றி. அதிக நேரத்தை விழுங்கியது இந்தச் சிறு துண்டுதான்.

இந்தச் சூத்திரம் தொடக்க நாள், இறுதி நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணும். B2 என்று மட்டும் கொடுத்தால் கெடு நாளையும் தாமதமாக எண்ணி 12 என்று காட்டும். இதைக் கண்டதும் பலர் செய்வது, சூத்திரத்தின் கடைசியில் -1 சேர்ப்பது. நம் எடுத்துக்காட்டுக்கு அதுவும் 11 என்றே தரும். அதனால்தான் வேறுபாடு நெடுநாள் கண்ணில் படாது.

கெடு நாளே விடுமுறையாக அமையும்போது இரண்டும் பிரிந்துவிடும். கெடு நாள் ஜனவரி 9 வெள்ளி, நூல் திரும்பியது ஜனவரி 14 புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். B2+1 முறையில் 10, 11, 12, 13, 14 என ஐந்து நாட்கள். -1 முறையில் நான்கு நாட்கள். வெள்ளிக்கிழமை முதலிலேயே எண்ணப்படவில்லை. எண்ணாத நாளுக்காக ஒன்றைக் கழித்ததால் சனிக்கிழமை கணக்கிலிருந்து காணாமல் போனது.

அப்படியானால் -1 முறை தவறா? அதுதான் இல்லை. கெடு நாளில் நூலகம் மூடியிருந்தால் அடுத்து திறக்கும் நாளில் அபராதமின்றிக் கொடுக்கலாம் என்று சில நூலகங்கள் விதி வைத்திருக்கின்றன. அங்கே கெடு, 10ஆம் தேதி சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. தாமதம் 11 முதல் 14 வரை நான்கே நாட்கள். இரண்டு சூத்திரங்களும் இரண்டு வெவ்வேறு விதிகளைக் கணக்கிடுகின்றன. எது உங்கள் நூலகத்தின் விதி என்பதை விரிதாள் சொல்லாது, பொறுப்பாளரைத்தான் கேட்க வேண்டும். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: “கெடு நாள் வெள்ளிக்கிழமையாக இருந்து, சனிக்கிழமை நூலைக் கொடுத்தால் அபராதம் உண்டா?” உண்டு என்றால் மேலே உள்ள சூத்திரம். இல்லை என்றால் -1 என்ற குறுக்கு வழியை விட, கெடுவை வெளிப்படையாகவே தள்ளிவைப்பது நல்லது. அதற்குத் தனி நெடுவரிசை ஒன்று:

```
=WORKDAY.INTL(B2-1,1,"0000100",$F$2:$F$40)
```

கெடு நாள் திறந்த நாளாக இருந்தால் இது அதே தேதியைத் தரும்; மூடிய நாளாக இருந்தால் அடுத்து திறக்கும் நாளைத் தரும். விடை 46032 போன்ற எண்ணாக வந்தால் கட்டத்தின் வடிவத்தைத் தேதிக்கு மாற்றுங்கள். பிறகு முதல் சூத்திரத்தில் B2 இருக்கும் இடத்தில் இந்தக் கட்டத்தின் முகவரியைக் கொடுங்கள். அபராதம் கட்டுபவர் கேள்வி கேட்டால், தள்ளிவைத்த கெடு தேதியையே திரையில் காட்டிவிடலாம். -1 என்பதைக் காட்டி யாருக்கும் விளக்க முடியாது.

அடுத்த சிக்கல், நேரத்தோடு திரும்பிய நூல்கள். கெடு நாளான 12ஆம் தேதியே நூல் வந்துவிட்டால் தாமதம் 0 என்று எதிர்பார்ப்போம். சூத்திரம் -2 என்று காட்டும். தொடக்கம் 13, இறுதி 12 என்று தலைகீழாகப் போனதால், இரண்டு நாட்களையும் எதிர்மறையாக எண்ணிவிடுகிறது. இன்னும் திரும்பாத நூலுக்கு C கட்டம் காலியாக இருப்பதால் பெரிய எதிர்மறை எண் வரும். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்த முழு வடிவம் இதோ:

```
=MAX(0,NETWORKDAYS.INTL(B2+1,IF(C2="",TODAY(),C2),"0000100",$F$2:$F$40))
```

திரும்பாத நூலுக்கு இன்றுவரையான தாமதத்தை இது காட்டும். கோப்பை நாளை திறந்தால் எண் கூடியிருக்கும், அது பிழையல்ல.

விடுமுறைப் பட்டியலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆண்டின் தொடக்கத்தில் வெளியாகும் அரசுப் பட்டியலை அப்படியே நகலெடுத்துவிட்டு மறந்துவிட முடியாது. 2025 பொங்கலின்போது ஜனவரி 17ஐயும் தமிழக அரசு பிறகு விடுமுறையாக அறிவித்து, 25ஆம் தேதி சனிக்கிழமையை ஈடுசெய்யும் வேலை நாளாக்கியது. அந்த 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை. எனவே வெள்ளி விடுமுறை உள்ள நூலகத்தில் கணக்கு அசையாது. ஞாயிறு விடுமுறை உள்ள நூலகம் அன்று மூடியிருந்திருந்தால் ஒரு நாள் குறையும். மாறாக, மழைக்காக ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறை பெரும்பாலும் பள்ளி, கல்லூரிகளுக்கானது. அன்று நூலகம் திறந்திருக்கக்கூடும். ஆகவே செய்தித்தாளைப் பார்த்துப் பட்டியலை நிரப்பாதீர்கள். நூலகத்தின் வருகைப் பதிவேட்டில் எந்த நாளுக்குக் கையெழுத்துகள் இல்லையோ அந்த நாளை எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: இரண்டாம் சனிக்கிழமைகளில் மட்டும் மூடும் நூலகத்துக்கு என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏழு இலக்கங்களால் அதைச் சொல்ல முடியாது. அந்தத் தேதிகளை விடுமுறைப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். இரண்டாம் சனி எப்போதும் 8 முதல் 14ஆம் தேதிக்குள் வரும். இதை F நெடுவரிசையின் காலியான ஒரு கட்டத்தில் எழுதி, மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள் ஆகும்படி கீழே இழுத்தால் ஆண்டு முழுவதும் கிடைத்துவிடும்:

```
=DATE(2026,ROW(A1),14)-MOD(WEEKDAY(DATE(2026,ROW(A1),14)),7)
```

முதல் கட்டத்தில் 2026-01-10 வந்தால் சரி. பட்டியல் 40ஆம் வரிசையைத் தாண்டினால் சூத்திரத்தில் $F$40 என்பதையும் நீட்ட மறக்காதீர்கள். தாண்டிய தேதிகளைச் சூத்திரம் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

இன்னொருவர் ‘மூன்று நாள் சலுகை’ உள்ள நூலகத்தைப் பற்றி எழுதியிருந்தார். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான்காம் நாள் கொடுத்தால் ஒரு நாள் அபராதமா, நான்கு நாள் அபராதமா? ஒரு நாள் என்றால், MAX-க்குள் இருக்கும் NETWORKDAYS.INTL-இன் மூடும் அடைப்புக்குறியை அடுத்து -3 சேர்த்தால் போதும். நான்கு நாள் என்றால் D-யைத் தொடாமல், பக்கத்துக் கட்டத்தில் இதை எழுதி, இதில் வரும் எண்ணுக்கு அபராதம் போடுங்கள்:

```
=IF(D2<=3,0,D2)
```

இரண்டிலும் சலுகையின் மூன்று நாட்களும் திறந்த நாட்களாகவே எண்ணப்படும். காலண்டர் நாட்களாக எண்ணும் நூலகத்துக்கு இந்தச் சூத்திரங்கள் பொருந்தாது.