ரயில் டிக்கெட் ஆன்லைனில் எடுக்கிறீர்களா? பின் நம்பர் போடும் முன் இதைப் பாருங்கள்

ஒரு தீபாவளிக்கு எங்கள் சித்தப்பா குடும்பம் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறியது. நான்கு பேர், ஸ்லீப்பர். தெருமுனைக் கடைக்காரர் ஆளுக்கு 300 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் டிக்கெட்டை அனுப்பியிருந்தார். உள்ளே போனால் அந்த பெர்த்துகளில் வேறு ஆட்கள். டிடிஆர் தன் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டிக்கெட் அஞ்சு நாளைக்கு முன்னாடியே கேன்சல் ஆயிடுச்சு சார்" என்றார். டிக்கெட் போலி இல்லை. எடுத்தது உண்மை, அனுப்பியதும் உண்மை. அப்புறம் சத்தமில்லாமல் ரத்து செய்து, திரும்பி வந்த பணத்தையும் கடைக்காரரே வைத்துக்கொண்டார்.

புதிதாக ஆன்லைனில் டிக்கெட் எடுப்பவர்கள் போலி வெப்சைட்டுக்கு மட்டும்தான் பயப்படுகிறார்கள். ஏமாற்று மூன்று இடங்களில் நடக்கிறது: முகவரியில், டிக்கெட்டில், பணம் கட்டும் திரையில். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசியின் டிக்கெட் பக்கம் இது:

```
https://www.irctc.co.in/nget/train-search
```

`https://` என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு ஒட்டி முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். `irctc.co.in` என்று முடிய வேண்டும். `irctc` என்பதற்கு முன்னால் புள்ளி இருக்கலாம், வேறு எழுத்தோ சிறு கோடோ ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது இதைப் பாருங்கள் (பயிற்சிக்காக நானே எழுதியது):

```
https://irctc.co.in.ticket-help.example/login
```

கண் முதலில் `irctc.co.in` என்பதில் போய் நிற்கும். ஆனால் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது `ticket-help.example`. தளத்தின் சொந்தக்காரர் அவர்தான். முன்னால் இருப்பது வெறும் முகமூடி. போனில் முகவரி பாதியாகத்தான் தெரியும் என்பதால், அதன் மேல் ஒருமுறை தொட்டு முழுவதையும் பாருங்கள்.

பூட்டுச் சின்னம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அது அடையாளம். எதிர்முனையில் இருப்பது திருடனா என்று அது சொல்லாது. திருடனும் பூட்டு வாங்கலாம், அதுவும் இலவசமாக. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதைத் தொடாமல் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

ஒரு விதிவிலக்கு: `irctctourism.com` என்பதும் ஐஆர்சிடிசியுடையதுதான், சுற்றுலாப் பேக்கேஜுகளுக்கானது. சாதாரண டிக்கெட்டுக்கு அங்கே போக வேண்டியதில்லை.

ஆப் என்றால் IRCTC Rail Connect அல்லது RailOne, அதுவும் பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ இருந்து மட்டும். வாட்ஸ்அப்பில் வரும் `.apk` கோப்பைத் தொடவே தொடாதீர்கள். `irctcconnect.apk` என்ற பெயரில் சுற்றிய ஒன்றைப் பற்றி 2023இல் ஐஆர்சிடிசியே எச்சரித்தது.

அனுமதி பெற்ற வேறு பயண ஆப்களும் உண்டு. அவை உங்கள் ஐஆர்சிடிசி யூசர் ஐடியைக் கேட்கும். ஆனால் பாஸ்வேர்டை ஐஆர்சிடிசியின் பக்கத்துக்கு அனுப்பித்தான் போடச் சொல்லும். தன் சொந்தப் பக்கத்திலேயே பாஸ்வேர்ட் கேட்கிற இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

படி 2: ஏஜென்ட் கொடுத்த டிக்கெட்டைப் படியுங்கள்

சித்தப்பாவின் டிக்கெட்டை வீட்டில் வைத்துப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கீழே பொடி எழுத்தில் இந்த வரி இருந்தது:

"This ticket is booked on a personal User ID, its sale/purchase is an offence u/s 143 of the Railways Act, 1989."

அதாவது அந்தக் கடைக்காரர் ஏஜென்டே இல்லை. தன் சொந்தக் கணக்கில் எடுத்து விற்றிருக்கிறார். 143ஆம் பிரிவின்படி இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வீட்டுப் பிள்ளை தன் கணக்கில் அப்பா அம்மாவுக்கு எடுத்துத் தருவது இதில் சேராது. காசுக்கு விற்பதுதான் குற்றம்.

அனுமதி பெற்ற ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டில் அவருடைய விவரமும் அவர் வாங்கும் கட்டணமும் அச்சாகியிருக்கும். அந்தக் கட்டணம் ஸ்லீப்பருக்கு ஒரு டிக்கெட்டுக்கு 20 ரூபாய், ஏசிக்கு 40 ரூபாய். ஆளுக்கு 300 என்று கேட்டாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு சோதனை: 2025 ஜூலை முதல் தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்குத் தடை. ஏசி காலை 10 மணிக்கும், ஏசி அல்லாதது 11 மணிக்கும் திறக்கிறது. "பத்து மணி அடிச்சதும் எடுத்துத் தர்றேன்" என்று உறுதி சொல்கிறவர் ஏஜென்ட் கணக்கில் எடுக்கப் போவதில்லை.

டிக்கெட் கைக்கு வந்ததும் அதிலுள்ள பத்து இலக்க பிஎன்ஆரை 139க்கு இப்படி எஸ்எம்எஸ் அனுப்புங்கள்:

```
PNR 1234567890
```

ஐஆர்சிடிசி தளத்திலும் பார்க்கலாம். பதிலில் பயணிகள் பெயர் வராது. இந்த ஓட்டையில்தான் இன்னொரு ஏமாற்று நுழைகிறது: யாருடைய டிக்கெட்டையோ எடுத்து, பிடிஎஃப்பில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். அதனால் ரயில் எண், தேதி, வகுப்பு, எத்தனை பேர், எந்த பெர்த் என்று ஒவ்வொன்றையும் டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மறுபடியும் பாருங்கள். சித்தப்பா வாங்கிய அன்று பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை பார்த்திருந்தால், ரத்தானது அல்லது மாற்றப்பட்டது என்பதைக் காட்டும் `Can/Mod` வந்திருக்கும், பஸ்ஸையாவது பிடித்திருக்கலாம்.

அப்புறம், டிக்கெட் எடுக்கும்போது உங்கள் மொபைல் எண்ணைத்தான் கொடுக்கச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற ஏஜென்ட் ரத்து செய்தால் அந்த எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும். அவர் உங்களிடம் பணத்தைத் திருப்பித் தந்த பிறகே அதைச் சொல்ல வேண்டும். சித்தப்பா விஷயத்தில் எண்ணும் கடைக்காரருடையது, கணக்கும் அவருடையது.

படி 3: பணம் யாருக்குப் போகிறது?

யுபிஐயில் பின் நம்பர் கேட்கும் திரைக்கு முன்னால் பணம் பெறுபவரின் பெயர் வரும். அங்கே தனிநபர் பெயர் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எந்த ரயில்வே தளமும் ஒரு தனி ஆளின் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்லாது. பணம் போய் டிக்கெட் வரவில்லையா? பதறி உடனே மறுபடி கட்டாமல், புக்கிங் வரலாற்றைப் பாருங்கள். டிக்கெட் ஆகவில்லை என்றால், கட்டிய அதே கணக்குக்குப் பணம் தானாகவே சில நாளில் வந்துவிடும்.

இந்தக் காத்திருப்பில்தான் அடுத்த வலை. சித்தப்பா கோபத்தில் பிஎன்ஆரையும் போன் நம்பரையும் போட்டு சமூக ஊடகத்தில் புகார் எழுதினார். ஒரு மணி நேரத்தில் "ரயில்வே ரீஃபண்ட் செக்‌ஷன்" என்று ஒருவர் கூப்பிட்டு, பணம் வர ஒரு க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்றார். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். அவை பணம் அனுப்ப மட்டுமே. திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னாலும் இதே கதைதான். நல்ல வேளையாக சித்தி போனைப் பிடுங்கிவிட்டார்.

பணம் போயே விட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளாமல் அப்போதே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். அந்தப் பணம் கைமாறும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். `cybercrime.gov.in` தளத்திலும் பதியலாம். வங்கிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கான எண்ணைக் கூகுளில் தேடாமல் கார்டின் பின்பக்கம் பார்த்து எடுங்கள். தேடலில் வரும் கஸ்டமர் கேர் எண்களில் பல இதே ஆட்கள் போட்டு வைத்தவை.